அத்தியாயம் 6: இரவு ஒன்பதுக்கு மேல் கடைக்காகப் பேசும் செய்தி

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் நானும் என் மனைவியும் சேலை விற்கிறோம். தெருவில் கடை என்று எதுவும் கிடையாது. முன்னறையில் இரண்டு அலமாரி, ஒரு எடை மெஷின், பேக்கிங் டேப், ஒரு வாட்ஸ்அப் எண், அவ்வளவுதான். தறிக்காரரிடம் எடுத்த சரக்கைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவோம். பிடித்தவர்கள் விலை கேட்பார்கள், பணம் போடுவார்கள், மறுநாள் கொரியர் போகும். சாதாரண மாதத்தில் ஒரு நாளைக்கு முப்பது பேர் எழுதினால் அதிகம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நூற்றைம்பதைத் தொடும். அதில் பாதி இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரும். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான் எங்கள் வாடிக்கையாளர்கள் போனைக் கையில் எடுக்கிறார்கள்.

அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருப்போம். யாராவது ஒருவர் எழுந்து பதில் எழுதினால் பேக்கிங் நிற்கும், காலை கொரியர் வண்டிக்குப் பத்துப் பார்சல் குறையும். அதனால்தான் தானாகப் போகும் பதில் தேவைப்படுகிறது. முதல் வருடம் நாங்கள் வைத்திருந்த செய்தி இது:

> வணக்கம்! எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி. உங்கள் ஆர்டரைப் பெற்றுக்கொண்டோம். கீழே உள்ள ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பி ஸ்க்ரீன்ஷாட் போடவும். விரைவில் அனுப்பி வைப்போம்.

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அரக்கு பார்டர் வைத்த மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டிருந்தோம். ஒரே ஒரு பீஸ், விலை 1,450 ரூபாய். காலையில் போனைப் பார்த்தால் திருப்பூர், சென்னை, நாகர்கோவில் என்று மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் அதே சேலைக்குப் பணம் போட்டிருந்தார்கள். முதலில் போட்டவருக்குச் சேலை. மற்ற இருவருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். நாகர்கோவில்காரர் போன் செய்தார். “அண்ணா, ஆர்டர் வாங்கிட்டோம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? அதை நம்பி அம்மாகிட்ட சேலை எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நாங்கள் சொல்லாத வார்த்தையை எங்கள் போன் சொல்லியிருந்தது. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. ஒருவருக்குப் போன சேலையில் முந்தானைப் பக்கம் நூல் இழுத்திருந்தது. படம் எடுத்து இரவு பத்தரைக்கு அனுப்பினார். அவருக்கும் அதே பதில்தான் போயிற்று: ஆர்டரைப் பெற்றுக்கொண்டோம், பணம் அனுப்பவும். குறை சொல்ல வந்தவரிடம் பணம் கேட்டிருக்கிறோம்.

தானாகப் போகும் பதிலை எழுதும்போது முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். அது எதையும் படிப்பதில்லை. வந்தது விலைக் கேள்வியா, பார்சல் எங்கே என்ற கவலையா, கிழிந்த சேலையின் படமா என்று அதற்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே வாசகம்தான் போகும். ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் மூன்று பேராக இருந்து படித்துப் பாருங்கள். ஒருவர் இன்றுதான் முதல்முறை எழுதுகிறார், சேலை இருக்கிறதா என்று கேட்கிறார். இரண்டாமவர் மூன்று நாளைக்கு முன் பணம் போட்டுவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கிறார். மூன்றாமவர் கையில் குறையுள்ள சேலை இருக்கிறது. மூவரில் யாருக்காவது ஒரு வரி பொய்யாகவோ புண்படுத்துவதாகவோ இருந்தால் அந்த வரி வெளியே போக வேண்டும். மேலே உள்ள பழைய செய்தியை இப்படிப் படித்தால் ‘வணக்கம்’, ‘நன்றி’ தவிர ஒன்றும் தேறாது.

## எத்தனை மணிக்குப் பதில் சொல்வீர்கள்?

“விரைவில்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு எழுதியவருக்கு ‘விரைவில்’ என்றால் பத்து நிமிடம். பதில் வராவிட்டால் “ஹலோ”, “அக்கா இருக்கீங்களா”, “?” என்று தொடர்ந்து வரும். அவர் தூங்கப் போகலாம் என்று தெரிய வேண்டுமானால் எத்தனை மணிக்குள் என்று நேரத்தைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். பரபரப்பான நாளில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை சுமார் 70 பேர் எழுதுகிறார்கள். ஒருவருக்குப் பதில் சொல்ல, அதாவது அலமாரியில் சேலையைத் தேடி, இருக்கிறதா என்று பார்த்து, வேறு நிறம் கேட்டால் படம் எடுத்து அனுப்ப, சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. 70 பேருக்கு 280 நிமிடம். இருவரும் உட்கார்ந்தால் ஆளுக்கு 140 நிமிடம், அதாவது இரண்டு மணி இருபது நிமிடம். காலை ஏழுக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முன் முடியும். நடுவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தறிக்காரர் வருவார், கரண்ட் போகும். அதனால் காலை 11 மணி என்று சொல்கிறோம். பத்து மணிக்குப் பதில் போனால் வாங்குபவருக்கு மகிழ்ச்சி. ஒன்பது என்று சொல்லிவிட்டுப் பத்துக்குப் போனால் அதே பதில் தாமதமாகிவிடும். உங்கள் கடையில் ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பத்து உரையாடலை அளந்து பாருங்கள். உங்களுக்கான எண் கிடைத்துவிடும்.

இதில் இன்னொரு நுணுக்கம் எங்களுக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. “நாளை காலை 11 மணிக்குள்” என்று எழுதியிருந்தோம். இரவு பன்னிரண்டரைக்கு எழுதியவர் அதைப் படித்தபோது தேதி மாறிவிட்டது. அவர் கணக்கில் ‘நாளை’ என்பது அடுத்த நாள். விடிந்த பிறகு வேறு கடையில் வாங்கிவிட்டார். இப்போது ‘நாளை’யை எடுத்துவிட்டு, “காலை 11 மணிக்குள்” என்று மட்டும் போடுகிறோம். இரவு ஒன்பதுக்குப் படித்தாலும் அதிகாலை ஐந்துக்குப் படித்தாலும் அது ஒரே காலையைத்தான் குறிக்கும்.

## கடைசித் தேதி

தீபாவளி நெருங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தீபாவளிக்குள்ள வந்துருமா?” இதற்குப் பதிலைச் செய்தியிலேயே வைத்துவிட்டால் காலையில் பாதி வேலை குறையும். ஆனால் நம் கையில் இருப்பதை மட்டுமே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பார்சல் என்று கிளம்பும் என்பது எங்கள் கையில் இருக்கிறது. அவர் வீட்டு வாசலை என்று தொடும் என்பது கொரியர்காரர் கையில் இருக்கிறது. எனவே “தீபாவளிக்குள் வந்து சேரும்” என்று எழுதாதீர்கள். “இந்தத் தேதியில் அனுப்புவோம்” என்று எழுதுங்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 2025 தீபாவளியை வைத்துப் பார்ப்போம். அது அக்டோபர் 20, திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு. அன்று பட்டுவாடா இருக்கும் என்று நம்ப முடியாது. ஆக, கடைசிப் பட்டுவாடா நாள் 18, சனிக்கிழமை. எங்கள் ஊரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் சாதாரணமாக இரண்டு நாளில் பார்சல் போய்விடும். பண்டிகைக் காலத்தில் கொரியர் கிட்டங்கியில் மூட்டை குவிவதால் நான்கு நாள் வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் 14, செவ்வாய்க்கிழமை பார்சல் கிளம்ப வேண்டும். பேக் செய்ய ஒரு இரவு வேண்டும். எனவே 13, திங்கள் இரவுக்குள் பணம் வந்திருக்க வேண்டும். வெளி மாநிலங்களுக்கு நான்கு நாள் ஆவதை எட்டு நாளாக வைத்தால் 10, வெள்ளி கிளம்ப வேண்டும். 9, வியாழன் இரவுக்குள் பணம்.

பெங்களூரு எங்களுக்கு நாகர்கோவிலைவிடப் பக்கம். அதற்கு வேறு தேதி சொல்லலாமே என்று தோன்றும். சொல்லாதீர்கள். இரண்டு தேதிக்கு மேல் வைத்தால் படிப்பவர் தன் ஊர் எதில் வருகிறது என்று கேட்டு மறுபடியும் எழுதுவார். “ஆர்டர்” என்ற சொல்லையும் தனியாக விடாதீர்கள். படத்தை அனுப்பி “இது வேணும்” என்று சொன்னதையே ஆர்டர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். “பணம் கட்டி உறுதியான ஆர்டர்” என்றால் குழப்பம் இல்லை.

சேலைக்கு இன்னொரு தேதியும் இருக்கிறது, தையல்காரர் தேதி. பல ஊர்களில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே “இனி பிளவுஸ் எடுக்க மாட்டேன்” என்று தையல்கடையில் சொல்லிவிடுவார்கள். அதைச் செய்தியில் போட இடமில்லை. ஆனால் செப்டம்பர் கடைசியிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்குத் தனியாகச் சொல்லிவிடுவோம். அதற்கான நன்றி அடுத்த வருடம் ஆர்டராக வருகிறது.

## செய்தி

இவ்வளவையும் சேர்த்து இப்போது நாங்கள் வைத்திருப்பது இது:

> *பேக்கிங்கில் இருக்கிறோம். காலை 11 மணிக்குள் நாங்களே பதில் எழுதுவோம்.* இது தானாகப் போகும் செய்தி.
>
> சேலை வேண்டுமென்றால் அதன் படம், உங்கள் பின்கோடு, எத்தனை சேலை என்ற மூன்றையும் அனுப்பி வையுங்கள். சேலை இருக்கிறது என்று நாங்கள் எழுதும்வரை தயவுசெய்து பணம் போட வேண்டாம்.
>
> அக்டோபர் 13 திங்கள் இரவுக்குள் பணம் கட்டி உறுதியான தமிழ்நாட்டு ஆர்டர்கள் 14 செவ்வாய்க்குள் இங்கிருந்து கிளம்பும். பிற மாநிலங்களுக்கு 9 வியாழன் இரவுக்குள். 10 வெள்ளிக்குள் கிளம்பும்.
>
> ஏற்கெனவே வாங்கியவர்கள்: பார்சல் வரவில்லை என்றாலோ சேலையில் குறை இருந்தாலோ “பார்சல்” என்று மட்டும் பதில் அனுப்புங்கள். காலையில் முதலில் அவற்றைத்தான் பார்ப்போம்.

முதல் வரிதான் முக்கியம். போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது செய்தியின் முதல் வரிகள்தான். அங்கே ‘வணக்கம், எங்கள் கடையைத் தொடர்பு கொண்டதற்கு மனமார்ந்த நன்றி’ என்று இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நேரம் அங்கே இருந்தால் செய்தியைத் திறக்காமலேயே தூங்கப் போகலாம். நீளமும் இதற்கு மேல் போக வேண்டாம். மிக நீண்ட செய்தியை வாட்ஸ்அப் மடித்து `Read more` என்று வைத்துவிடும். மடிப்புக்குக் கீழே இருப்பதைப் பலர் படிப்பதில்லை.

படம், பின்கோடு, எண்ணிக்கை என்று மூன்று கேட்பதற்குக் காரணம் உண்டு. அவை இருந்தால் நீங்கள் காலையில் எழுதும் முதல் பதிலிலேயே “இருக்கிறது, கொரியரோடு இவ்வளவு” என்று முடித்துவிடலாம். இல்லாவிட்டால் எந்தச் சேலை, எந்த ஊர், எத்தனை என்று மூன்று முறை போய் வர வேண்டும். பெயர், முழு முகவரி, மாற்று எண் எல்லாம் பணம் வந்த பிறகு கேட்டால் போதும். ராத்திரியில் பெரிய படிவத்தை நிரப்பச் சொன்னால் விலை கேட்க வந்தவர் அப்படியே போய்விடுவார்.

ஜிபே எண்ணைத் தானாகப் போகும் செய்தியில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சில நண்பர்கள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ராத்திரி ஆசையில் வருகிற பணம் காலையில் வராது என்பார்கள். ஒரே டிசைனில் ஐம்பது சேலை வைத்திருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். எங்களைப் போலத் தனித்தனி பீஸாக விற்பவர்களுக்கு ஒவ்வொரு இரவும் மஞ்சள் சேலைக் கதைதான் நடக்கும். பணத்தைத் திருப்புவதில் நேரம் மட்டும் போவதில்லை. எந்தப் பணம் யாருடையது என்று தேடும்போது கணக்கும் குழம்பும். அந்தக் குழப்பத்தில்தான் போலி ஸ்க்ரீன்ஷாட் நுழைகிறது. பணம் வந்ததா என்பதை எப்போதும் உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள், அவர் அனுப்பிய படத்தில் பார்க்காதீர்கள்.

கடைசிப் பத்தியில் உள்ள “பார்சல்” என்ற ஒற்றைச் சொல் எங்களுக்குப் பெரிய உதவி. காலையில் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கடைசியாக வந்த செய்தி தெரியும். அதில் ‘பார்சல்’ என்று மட்டும் இருப்பவரை முதலில் திறக்கிறோம். தேடும் பெட்டியில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடலாம் என்று முதலில் நினைத்தோம். எங்கள் செய்தியிலேயே அந்தச் சொல் இருப்பதால் எல்லா உரையாடலும் வந்து நின்றது. கண்ணால் பார்ப்பதுதான் வழி.

## போனில் அமைப்பது

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் `Business tools` பகுதிக்குள் `Away message` இருக்கிறது. செய்தியை அங்கே எழுதிய பிறகு `Schedule` என்ற இடத்தில் மூன்று வழி காட்டும். `Always send` வேண்டாம். நீங்கள் பகலில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது “காலை 11 மணிக்குள் பதில் எழுதுவோம்” என்று போனால் அவர் என்ன நினைப்பார்? எங்களுக்குப் பொருத்தமானது `Outside of business hours`. அதற்கு முதலில் கடை விவரப் பக்கத்தில் வேலை நேரத்தைக் காலை 7 முதல் இரவு 9 வரை என்று போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ‘மூடியிருக்கும்’ என்று விட்டுவிட்டால் ஞாயிறு முழுக்கச் செய்தி போகும், கவனியுங்கள். மூன்றாவது `Custom schedule`, அதில் ஒரு தொடக்க நேரம், ஒரு முடிவு நேரம் கொடுக்கலாம். அது தீபாவளி விடுமுறைக்கு உதவும்.

அடுத்து `Recipients`. இங்கே நாங்கள் தேர்ந்தெடுப்பது `Everyone not in address book`. பணம் போட்டவர் எண்ணை அன்றைக்கே போனில் சேமித்துவிடுவோம், பெயருக்கு முன்னால் தேதி போட்டு. அதற்குப் பிறகு அவர் இரவில் எழுதினாலும் ‘பணம் போட வேண்டாம், கடைசித் தேதி இது’ என்ற செய்தி அவருக்குப் போகாது. `Everyone except...` என்ற வழியில் ஒவ்வொருவராக விலக்கவும் முடியும். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது பேர் பணம் போடும் வாரத்தில் அந்த வேலையை யாரும் செய்யப் போவதில்லை.

இதில் ஒரு குறை இருக்கிறது. பணம் போட்டுக் காத்திருப்பவர் இரவில் எழுதினால் அவருக்கு எதுவும் போகாது; ‘பார்சல்’ வரியும் நாங்கள் சேமிக்காத எண்ணிலிருந்து எழுதுபவருக்குத்தான் போகும். அதைச் சரிக்கட்ட, பணம் வந்தவுடனேயே ஒரு பதிலைக் கையால் அனுப்பிவிடுகிறோம். `Quick replies` பகுதியில் அதை `/panam` என்ற பெயரில் வைத்திருக்கிறோம். சாய்வுக் கோட்டோடு அதை அடித்தால் முழுச் செய்தியும் வந்து நிற்கும்:

> பணம் வந்தது. பார்சல் நாளை மாலைக்குள் கிளம்பும். நாளை இரவு 8 மணிக்குள் ட்ராக்கிங் எண் அனுப்புவோம்.

இது ஒரு மனிதர் பகலில் அனுப்புவது என்பதால் இங்கே ‘நாளை’ என்று எழுதலாம். ட்ராக்கிங் எண் வருவதற்கு முன்னால் “அனுப்பிட்டீங்களா” என்று கேட்கும் செய்திகள் இதனால் வெகுவாகக் குறைந்தன. ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் 13 இடம் கொண்ட எண் கிடைக்கும்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் `IN`. அதைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள். ரசீதுப் படத்தைப் பார்த்து அடிப்பவர்கள் ஓ என்ற எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடித்துவிட்டு, பார்சலே கிளம்பவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

`Greeting message` என்று ஒன்று தனியாக உண்டு. முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது போகும். பண்டிகை வாரங்களில் அதை அணைத்து வையுங்கள். இரண்டும் உயிரோடு இருந்தால் எது எப்போது போகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

எல்லாவற்றையும்விட எளிதில் மறப்பது ஒன்று இருக்கிறது. அந்த போனில் இணையம் இருந்தால்தான் `Away message` போகும். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று இரவில் போனை அணைத்தாலோ டேட்டாவை நிறுத்தினாலோ ஒருவருக்கும் பதில் போகாது. எங்களுக்கு இரண்டு இரவு அப்படிப் போயிற்று. தறிக்கூடத்துச் சுவரோரம் சிக்னல் இல்லாத இடத்தில் போனை சார்ஜில் போட்டிருந்தேன். காலையில் அறுபது கேள்விக்குறிகள். ஆகவே தினமும் ஒன்பது மணி கழிந்ததும், எங்கள் எண்ணைத் தவிர வேறு ஒரு போனிலிருந்து கடை எண்ணுக்கு “சேலை இருக்கா” என்று அனுப்பிப் பார்க்கிறோம். அந்த போனின் எண் கடை போனில் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. இருந்தால் பதில் வராது, சரியாக இருப்பதையே கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டுப் போன் போதும். வந்த செய்தியை முழுக்கப் படியுங்கள். தேதி இன்றைக்கும் பொருந்துகிறதா?

இன்ஸ்டாகிராமிலும் தானாகப் பதில் வைக்கலாம். அங்கே நாங்கள் வைத்திருப்பது ஒரே வரி: சேலை கேட்பதானால் வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், எண் இது. இரண்டு இடத்தில் கையிருப்பு சொல்லப் போனால் ஒரே பீஸை இரண்டு பேருக்குச் சொல்லிவிடுவோம்.

## மின்னஞ்சல்

எங்கள் மின்னஞ்சலுக்குச் சில்லறை வாடிக்கையாளர் யாரும் எழுதுவதில்லை. ஊழியர்களுக்குத் தீபாவளிப் பரிசாக நாற்பது, ஐம்பது சேலை கேட்கும் அலுவலகங்கள் எழுதும். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றின் மதிப்பும் அதிகம். ஜிமெயில் அமைப்புகளில் `General` பகுதியின் அடியில் `Vacation responder` இருக்கிறது. அதில் மணி நேரம் குறிக்க வழியில்லை. தொடங்கும் நாளின் நள்ளிரவு 12 மணியிலிருந்து முடியும் நாள் இரவு 11:59 வரை பகலென்றும் இரவென்றும் பாராமல் போகும். ஆகவே “காலை 11 மணிக்குள்” என்ற வாசகத்தை அங்கே ஒட்டாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு எழுதியவருக்கு அது பொருந்தாது. “அடுத்த வேலை நாள் மாலை 5 மணிக்குள் பதில் எழுதுவோம், அவசரமென்றால் இந்த எண்ணில் அழையுங்கள்” என்பது எப்போது படித்தாலும் சரியாக இருக்கும்.

ஒருவருக்கு ஒரு முறை பதில் போனால், அவர் மறுநாள் எழுதினாலும் மறுபடி போகாது. நான்கு நாள் கழித்து எழுதினால்தான் போகும். ஆனால் நீங்கள் இடையில் செய்தியைத் திருத்தினால் கணக்கு புதிதாகத் தொடங்கும், புதிய செய்தி அவருக்கும் போகும். கடைசித் தேதி முடிந்ததும் வாசகத்தை மாற்ற மறக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றாவிட்டால் 12 அன்று ‘13 வரை வாங்குகிறோம்’ என்று படித்தவர் 15 அன்று எழுதும்போது தேதி தாண்டியது அவருக்குத் தெரியவே தெரியாது.

## தேதி தாண்டிய பிறகு

14 காலையில் செய்தி மாற வேண்டும். அன்றும் பலர் எழுதுவார்கள், அவர்களைக் கதவடைத்து அனுப்ப வேண்டியதில்லை. எங்கள் செய்தியின் நடுப்பகுதி அன்று இப்படி மாறும்:

> தீபாவளிக்கு முன் அனுப்பும் கடைசித் தேதி முடிந்துவிட்டது. இளம்பிள்ளைக்கு நேரில் வந்தால் 18 சனிக்கிழமை இரவு 8 மணி வரை சேலை பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கொரியரில் வேண்டுமென்றால் இப்போதும் அனுப்புகிறோம். ஆனால் தீபாவளிக்குப் பிறகுதான் வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ எடுப்பவர் கடைசி வரியைப் படித்துவிட்டு நிம்மதியாக ஆர்டர் போடுவார். தீபாவளிக்கு எடுப்பவர் உள்ளூர்க் கடைக்குப் போய்விடுவார், போகட்டும். அவரைத் தடுத்து வைத்து, 20 ஆம் தேதி காலையில் புதுச்சேலை இல்லாமல் நிற்க வைப்பதைவிட அது நல்லது.

19 ஞாயிறு இரவு 9 மணியிலிருந்து 22 புதன் காலை 7 மணி வரை `Custom schedule` போட்டு இரண்டே வரி வைக்கிறோம்: தீபாவளி வாழ்த்துகள், புதன் காலை 11 மணிக்குள் பதில் எழுதுவோம், குறை இருந்தால் ‘பார்சல்’ என்று அனுப்புங்கள். இந்த மூன்று நாளுக்கு மட்டும் `Recipients` பகுதியை `Everyone` என்று மாற்றுகிறோம். பண்டிகையன்று பெட்டியைப் பிரித்துக் குறையைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பணம் போட்டவர்கள், அதாவது போனில் சேமித்த எண்கள். அவர்களுக்குப் பதில் போக வேண்டிய நாள் அது.

புதன் காலை ஏழுக்கு என் போனில் அலாரம் அடிக்கும், அதன் பெயர் ‘செய்தியை மாற்று’. `Schedule` மறுபடி `Outside of business hours`, `Recipients` மறுபடி சேமிக்காத எண்களுக்கு, தேதிகள் உள்ள பத்தி முழுவதும் அழிக்கப்படும், `Greeting message` மீண்டும் இயக்கப்படும். அன்றிரவு ஒன்பதேகாலுக்குப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து ஒரு “சேலை இருக்கா” போகும். அதற்குப் பிறகுதான் ‘பார்சல்’ என்று வந்த செய்திகளின் கணக்கை எடுத்து உட்காருவோம்: எத்தனை தாமதம், எத்தனை கிழிசல், எந்தத் தறியில் நெய்தது.